'சரிஞ்சிட்டிருக்கு' என்பதை எழுத்தில் கொண்டுவருவது

துணைவினைகளை அடுக்காதீர்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் பெரும்பாலும் நீளத்தைத்தான் குறை சொல்கிறார்கள். 'வந்துகொண்டிருந்திருக்க வேண்டும்' என்று எழுதினால் சிவப்பு மையில் ஒரு கோடு. 'வந்திருக்கும்' என்று சுருக்கினால் பாராட்டு. இந்த அறிவுரை பாதிதான் சரி. தமிழ் வினைமுற்று வலப்பக்கமாக வளர்வது இயல்பு. ஒரு வினையின் பின்னால் நான்கு துணைவினைகள் நின்று, நான்கும் ஆளுக்கொரு வேலை பார்த்தால் அந்த வாக்கியத்தில் பிழை இல்லை. இரண்டே துணைவினைகள் நின்று, இரண்டும் ஒரே வேலையைப் பார்த்தால் அது பிழை. இதையும்விட மோசமான பிழை ஒன்று இருக்கிறது. பேச்சில் கேட்ட துணைவினை ஒன்று, எழுத்தில் வைத்தது வேறொன்று என்று ஆகி, பொருளே தலைகீழாவது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நீலகிரி மலைப்பாதைகளைப் பற்றிக் கைபேசிகளில் சுற்றும் செய்திகளில் இந்தத் தலைகீழாகும் பிழை நிறையவே வரும். இங்கே எடுத்துக்கொள்வது முக்கியமாக அதைத்தான். ஆனால் அதற்குப் போகும் முன், துணைவினைகளின் சங்கிலி எப்படிக் கோக்கப்படுகிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

குன்னூர் மலைப்பாதையில் பனிமூட்டம். மேலேறும் பஸ் ஒரு வளைவுக்கு முன்னால் ஓரங்கட்டி நின்ற தடம் தெரிகிறது. அதைப் பார்த்து ஒருவர் சொல்கிறார்: 'எதிரே லாரி வந்துகொண்டிருந்திருக்க வேண்டும்.' இதில் 'வந்து' நிகழ்ச்சியைச் சொல்கிறது. 'கொண்டிரு' அது நடுவில் இருந்ததைச் சொல்கிறது. லாரி அப்போது வந்து சேரவில்லை, வருகிற வழியில் இருந்தது. அடுத்து வருவது இன்னொரு 'இரு'. இது முடிந்துபோன ஒன்றை இப்போதிருந்து திரும்பிப் பார்க்கிறது. கடைசியில் 'வேண்டும்' இது கண்ணால் கண்டதல்ல, ஊகம் என்கிறது. ஒரே வாக்கியத்தில் 'இரு' இரண்டு முறை வந்ததால் மிகை என்று தோன்றலாம். முதல் இரு 'கொண்டு' என்பதோடு சேர்ந்து தொடர்ச்சியைக் காட்டுவது, இரண்டாவது இரு காலத்தைப் பின்தள்ளுவது. இரண்டுக்கும் வேலை வேறு.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். 'கொண்டிரு' என்பதைக் கழற்றினால் 'லாரி வந்திருக்க வேண்டும்.' லாரி வந்தே விட்டது என்று பொருள் மாறிவிட்டது. இரண்டாவது 'இரு' என்பதைக் கழற்றினால் 'வந்துகொண்டிருக்க வேண்டும்.' இப்போது வந்துகொண்டிருக்கிறது போலும், அல்லது அது எப்போதும் வந்துகொண்டே இருப்பது அவசியம் என்று இரண்டு பக்கம் இழுக்கிறது. 'வேண்டும்' என்பதைக் கழற்றி 'வந்துகொண்டிருந்திருக்கிறது' என்றால் ஊகம் போய், தெரியவந்த உண்மை ஆகிவிடுகிறது. எதைக் கழற்றினாலும் பொருள் மாறுகிறது என்றால் எல்லாக் கண்ணிகளும் தேவை. நீளம் இருக்கட்டும்.

இதே சோதனையை இன்னொரு வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். 'மலைப்பாதையில் சீரமைப்புப் பணிகள் நடைபெற்றுக்கொண்டு வந்துகொண்டிருக்கின்றன.' கழற்றிப் பார்த்தால் 'நடைபெற்றுக்கொண்டிருக்கின்றன', 'நடைபெற்று வருகின்றன', 'நடைபெறுகின்றன' என்று மூன்று கிடைக்கும். மூன்றும் முதல் வாக்கியம் சொன்னதையே சொல்கின்றன, இன்னும் தெளிவாகவும் சொல்கின்றன. இங்கே தொடர்ச்சி மூன்று முறை குறிக்கப்பட்டிருக்கிறது: ஒரு 'கொண்டு', ஒரு 'வா', மறுபடியும் ஒரு 'கொண்டிரு'. எதிர்மறையாக்கிப் பார்த்தால் இன்னும் சீக்கிரம் தெரிந்துவிடும். 'பணிகள் நடைபெற்றுக்கொண்டு வந்துகொண்டிருக்கவில்லை' என்று யாராலும் மூச்சுவிடாமல் சொல்ல முடியாது. 'பணிகள் நடைபெறவில்லை' என்றுதான் வாய் வரும்.

இதில் ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். 'தேயிலை விலை குறைந்துகொண்டே வருகிறது' என்பதில் 'கொண்டே', 'வருகிறது' இரண்டும் இருக்கின்றன. ஆனாலும் பிழை இல்லை. குறைவது, கூடுவது, வளர்வது, தேய்வது போன்ற வினைகளில் 'கொண்டே' இடைவிடாமையைக் காட்டுகிறது. 'வா' முன்பிருந்து இன்றுவரைக்குமான போக்கைக் காட்டுகிறது. நடைபெறுதல் படிப்படியாக மாறுகிற வினை இல்லை. அதனால் அங்கே இந்தக் கூட்டு ஒட்டாது.

'கொண்டிரு' என்பதற்கும் 'வா' என்பதற்கும் உள்ள வேறுபாடு செய்திகளில் அடிக்கடி மறக்கப்படுகிறது. 'கொண்டிரு' இந்த நொடியில் நிற்கும். 'வா' ஒரு காலப்பரப்பைத் தழுவும். நடுவில் விட்டு விட்டு நடந்தாலும் அதற்குக் கவலையில்லை. 'மூன்று நாட்களாகக் கோத்தகிரியில் மழை பெய்து வருகிறது' என்றால் இடையில் வெயில் அடித்திருக்கலாம். 'மழை பெய்துகொண்டிருக்கிறது' என்றால் குடையை எடுக்க வேண்டும். கல்லாறுக்கும் அடர்லிக்கும் இடையே தண்டவாளத்தில் மண் விழுந்து, இன்று ஒரு நாள் மட்டும் மலை ரயில் ஓடாது என்றால் 'ரத்து செய்யப்பட்டுள்ளது' என்று எழுத வேண்டும். 'ரத்து செய்யப்பட்டு வருகிறது' என்றால் நாள்தோறும் ரத்தாகிறது, நாளைக்கும் நம்ப முடியாது என்று ஆகும். சுற்றுலா வருபவர் பயணத்தையே கைவிடுவதற்கு இந்த ஒரு 'வருகிறது' போதும்.

நான்கு வரிச் செய்தி

இப்போது பொருளைத் தலைகீழாக்கும் அந்தப் பிழை. நவம்பரில் இந்த மலையில் யார் கைபேசிக்கும் வரக்கூடிய பேச்சை எடுத்துக்கொள்வோம். பர்லியாருக்கு மேலே மாட்டிக்கொண்ட ஒரு வேன் ஓட்டுநர், குன்னூரில் இருக்கும் நண்பரிடம் சொல்கிறார்: 'அண்ணா, பர்லியாருக்கு மேல மண்ணு சரிஞ்சிட்டிருக்கு. மரம் வேற ஒண்ணு விழுந்திருச்சு. பொக்லைன் வந்துட்டிருக்கு. வண்டியெல்லாம் குன்னூர்லயே நிறுத்திட்டிருக்காங்க.'

நான்கு வரியிலும் குழப்பம் ஒன்றுமில்லை. கேட்பவருக்கு எல்லாம் விளங்கும். நண்பர் இதைப் பத்துப் பேருக்கு அனுப்ப நினைக்கிறார். பேச்சுத் தமிழில் அனுப்பினால் மரியாதை இல்லை என்று தோன்றுகிறது. 'நல்ல தமிழில்' மாற்றி எழுதுகிறார்: 'பர்லியாருக்கு மேலே மண் சரிந்துவிட்டிருக்கிறது. மரமும் ஒன்று விழுந்திருந்தது. பொக்லைன் வந்துவிட்டிருக்கிறது. வண்டிகள் குன்னூரிலேயே நிறுத்தப்பட்டுவிட்டிருக்கின்றன.'

இலக்கணப்படி இந்த நான்கு வாக்கியங்களையும் குறை சொல்ல முடியாது. எழுத்துப்பிழைகூட இல்லை. ஆனால் ஓட்டுநர் சொன்னது ஒன்று, இது சொல்வது வேறு. அவர் சொன்னபடி மண் இன்னும் சரிகிறது, இதன்படி சரிந்து முடிந்தது. அவர் சொன்னபடி மரம் இப்போது சாலையில் கிடக்கிறது, இதன்படி முன்னொரு நேரத்தில் விழுந்திருந்தது, இப்போது என்ன ஆயிற்று என்று தெரியாது. அவர் சொன்னபடி பொக்லைன் வழியில் இருக்கிறது, இதன்படி வந்து சேர்ந்துவிட்டது. கடைசி வரியில், வண்டிகளை ஒவ்வொன்றாக மறித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றது, எல்லா வண்டிகளையும் நிறுத்தி முடித்தாயிற்று என்று ஆகிவிட்டது. இரண்டாவது செய்தியைப் படிப்பவர் என்ன முடிவெடுப்பார்? மண் சரிந்து ஓய்ந்துவிட்டது, பொக்லைனும் வந்துவிட்டது, ஒரு மணி நேரத்தில் அள்ளிவிடுவார்கள் என்று நினைப்பார். முதல் செய்தியை அப்படியே கேட்டவரோ மறுபேச்சில்லாமல் கோத்தகிரி வழியாக இறங்குவார்.

தவறு எங்கே நடந்தது என்றால், 'ட்டு' என்ற ஓசையில். பேச்சில் 'விட்டு' தேய்ந்து 'ட்டு' ஆகிறது: 'சாப்பிட்டுவிட்டு வா' என்பது 'சாப்பிட்டுட்டு வா.' 'கொண்டு' தேய்ந்து 'கிட்டு' ஆகிறது: 'பேசிக்கொண்டு' என்பது 'பேசிக்கிட்டு.' அந்தக் 'கிட்டு' நிற்க வேண்டிய இடத்திலும் பல வட்டாரங்களில் வெறும் 'ட்டு' நிற்கிறது. ஆக, ஒரே ஓசை இரண்டு சொற்களுக்கு நிற்கிறது. எழுத உட்காருபவருக்கு 'ட்டு' என்றதும் 'விட்டு' ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது, ஏனென்றால் ஓசையில் அதுதான் பக்கம். அந்த இடத்தில் 'கொண்டு' இருக்கலாம் என்று காதுக்குத் தெரியும், கைக்குத் தெரியாது.

பின்னால் 'இரு' வரும்போது விஷயம் இன்னும் உறுதி. 'போட்டிருக்கு' போல 'ட்டு' வினையின் சொந்த எழுத்தாக இல்லாமல், துணைவினையாகப் பேச்சில் 'ட்டிருக்கு' வந்தால், அது தொடர்ச்சிதான். 'சரிஞ்சிட்டிருக்கு', 'வந்துட்டிருக்கு', 'கொதிச்சிட்டிருக்கு' எதுவாக இருந்தாலும் நடந்துகொண்டிருப்பதையே சொல்லும். நடந்து முடிந்து அதன் விளைவு நிற்கிறது என்று சொல்லப் பேச்சுக்கு வேறு வடிவம் இருக்கிறது: 'சரிஞ்சிருக்கு', 'வந்திருக்கு', 'கொதிச்சிருக்கு.' நடுவில் 'ட்டு' கிடையாது. எழுத்துத் தமிழில் மட்டும்தான் 'விட்டு', 'இரு' இரண்டும் சேர்ந்து 'சரிந்துவிட்டிருக்கிறது' என்று ஒரு வடிவம் இருக்கிறது. பேச்சு அந்த வடிவத்தை விட்டு ஒதுங்கியே போகிறது. எழுதுபவர் பேச்சின் 'ட்டிருக்கு' என்பதை நேராக அந்த எழுத்து வடிவத்தில் கொண்டுபோய்ப் பொருத்துவதால்தான் பொருள் புரண்டுபோகிறது.

கிட்டு வைத்துப் பார்த்தல்

நீலகிரியில் 'ட்டு' சொல்பவர்களும் இருக்கிறார்கள், 'கிட்டு' சொல்பவர்களும் இருக்கிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்த குடும்பங்கள், தென்மாவட்டங்களிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து திரும்பியவர்கள், வீட்டில் படுக பேசிக் கடைத்தெருவில் தமிழ் பேசுபவர்கள் என எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஏறுகிற ஊர் இது. இரண்டு வடிவமும் எல்லார் காதிலும் விழுந்திருக்கும். அதனால் இங்கே ஒரு சோதனை சுலபம்.

பேச்சில் 'ட்டு' வந்த இடத்தில் 'கிட்டு' வைத்துச் சொல்லிப் பாருங்கள். பொருள் மாறவில்லை என்றால் எழுத்தில் 'கொண்டு.' சொல்லவே வரவில்லை, அல்லது பொருள் மாறிவிட்டது என்றால் எழுத்தில் 'விட்டு.' 'மண்ணு சரிஞ்சிட்டிருக்கு' என்பது 'மண்ணு சரிஞ்சுகிட்டிருக்கு.' மாறவில்லை, ஆகவே 'சரிந்துகொண்டிருக்கிறது.' 'டீ குடிச்சிட்டுப் போலாம்' என்பதை 'டீ குடிச்சுகிட்டுப் போலாம்' என்றால், கோப்பையைக் கையில் பிடித்தபடி நடக்க வேண்டியிருக்கும். மாறிவிட்டது, ஆகவே 'குடித்துவிட்டு.'

பின்னால் 'இரு' இல்லாமல் வேறு வினை வந்தால் இரண்டு பொருளுக்கும் இடமுண்டு. அங்கே சோதனையோடு சூழலையும் பார்க்க வேண்டும். 'போன்ல பேசிட்டு வண்டிய எடு' என்றால் முதலில் பேசி முடி, பிறகு கிளம்பு. எழுத்தில் 'பேசிவிட்டு.' 'போன்ல பேசிட்டு வண்டி ஓட்டாத' என்றால் பேசுவதும் ஓட்டுவதும் ஒரே நேரத்தில். எழுத்தில் 'பேசிக்கொண்டு.' வளைவுகள் நிறைந்த சாலையில் வைக்கிற பலகையில் 'கைபேசியில் பேசிவிட்டு வாகனம் ஓட்டாதீர்கள்' என்று எழுதினால், பேசியவர்கள் யாரும் அதன் பிறகு வண்டியே ஓட்டக் கூடாது என்று அர்த்தம். 'பேசிட்டே' என்று ஏகாரம் சேர்ந்து வந்தால் மட்டும் யோசிக்கவே வேண்டாம். 'கொண்டே' என்று எழுதலாம். 'விட்டே' அந்த இடத்தில் வராது.

அடுத்தது, இரண்டாவது வரியில் வந்த 'விழுந்திருச்சு.' இது 'ட்டு' அளவுக்குப் பேசப்படாத ஒரு வலை. கொங்குப் பக்கமும் மதுரைப் பக்கமும் 'விழுந்துவிட்டது' என்பது 'விழுந்திருச்சு' ஆகிறது. சென்னையில் 'விழுந்துடுச்சு.' விடு என்பதிலுள்ள 'டு' இங்கே 'ரு' ஆகிவிட்டது. பார்வைக்கு அந்த 'ரு' அப்படியே 'இரு' போலத் தெரிவதால், 'விழுந்திருந்தது' என்று எழுதத் தோன்றுகிறது. அடையாளம் கண்டுபிடிக்கக் கடைசி அசையைப் பார்க்க வேண்டும். 'ருச்சு' என்று முடிந்தால் அது 'விட்டது.' 'ருக்கு' என்று முடிந்தால் அது 'இருக்கிறது.' 'ருந்துச்சு' என்று முடிந்தால்தான் 'இருந்தது.' உயர்திணையில் 'போயிட்டாரு' போய்விட்டார், 'போயிருக்காரு' போயிருக்கிறார், 'போயிட்டிருக்காரு' போய்க்கொண்டிருக்கிறார். மூன்றாவதை எழுதும்போது கை நழுவி 'போய்விட்டிருக்கிறார்' ஆகிவிட்டால், பர்லியார் தாண்டாத ஆளை மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிட்ட கணக்கு.

இந்த இரண்டையும் வைத்து ஓட்டுநரின் நான்கு வரியைத் திரும்ப எழுதினால் இப்படி வரும்: 'பர்லியாருக்கு மேலே மண் சரிந்துகொண்டிருக்கிறது. மரம் ஒன்றும் விழுந்துவிட்டது. பொக்லைன் வந்துகொண்டிருக்கிறது. வண்டிகளைக் குன்னூரிலேயே நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள்.' இதில் இரண்டாவது வரியை 'மரம் ஒன்றும் சாலையில் விழுந்து கிடக்கிறது' என்று எழுதினால் இன்னும் நல்லது. 'விழுந்துவிட்டது' விழுந்ததை மட்டும் சொல்கிறது. 'விழுந்து கிடக்கிறது' அது இன்னும் அங்கேயே இருக்கிறது, வழி அடைபட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. 'கிட' என்பதை எழுத்தில் நாம் மறந்தே போய்விட்டோம். விழுந்தது, சரிந்தது, கவிழ்ந்தது, குவிந்தது எல்லாவற்றுக்கும் 'கிடக்கிறது' அளவுக்குப் பொருந்துகிற துணைவினை வேறில்லை. அதன் இடத்தில் 'காணப்படுகிறது' என்று எழுதுவது எப்படி வழக்கமானது என்று புரியவில்லை.

விட்டிருக்கிறது எங்கே பொருந்தும்

இவ்வளவு சொன்னதால் 'விட்டிருக்கிறது' என்பதே தவறு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. மூன்று வாக்கியங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 'மரம் விழுந்துவிட்டது' என்பது நடந்த உடனே சொல்வது. நடக்கக் கூடாதது நடந்தது என்ற தொனியும் அதில் உண்டு. 'மரம் விழுந்திருக்கிறது' என்பது விளைவைப் பார்த்துச் சொல்வது. விழும்போது சொல்பவர் அங்கே இல்லை, வந்து பார்க்கும்போது மரம் கீழே இருக்கிறது. 'மரம் விழுந்துவிட்டிருக்கிறது' என்பது இரண்டையும் சேர்ப்பது: நாம் வந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துபோயிருக்கிறது, இனிச் செய்ய ஒன்றுமில்லை. அந்தக் 'காலம் கடந்துவிட்டது' என்ற உணர்வு தேவைப்படுகிற இடத்தில் மட்டும்தான் இந்தக் கூட்டு தன் இடத்தைச் சம்பாதிக்கிறது.

இறந்தகாலத்தில் இது இன்னும் இயல்பாக வரும். 'மீட்புக் குழு போய்ச் சேர்ந்தபோது பாலம் அடித்துச் செல்லப்பட்டுவிட்டிருந்தது.' இதில் கழற்றும் சோதனை செய்து பாருங்கள். 'விடு' என்பதைக் கழற்றி 'செல்லப்பட்டிருந்தது' என்றாலும் வாக்கியம் நிற்கும், முற்றாகப் போனது என்ற அழுத்தம் மட்டும் குறையும். 'இரு' என்பதைக் கழற்றி 'செல்லப்பட்டுவிட்டது' என்றால் கால வரிசையே மாறிவிடும்: குழு போய்ச் சேர்ந்தது, அதன் பிறகு பாலம் போனது. ஆக, இந்த வாக்கியத்தில் 'இரு' கட்டாயம், 'விடு' விருப்பம். செய்தி எழுதுபவர் 'விடு' என்பதைத் தாராளமாக விட்டுவிடலாம். கதை எழுதுபவர் வைத்துக்கொள்ளலாம்.

ஒட்டவே ஒட்டாத கூட்டு ஒன்றும் உண்டு. 'விடு' முதலில் வந்து, அதன்மேல் 'கொண்டிரு' ஏறுவது. 'மண்ணை அள்ளிவிட்டுக்கொண்டிருக்கிறார்கள்' என்றால், முடிந்தது என்று ஒரு கண்ணி சொல்ல, நடக்கிறது என்று அடுத்த கண்ணி சொல்கிறது. 'அள்ளிக்கொண்டிருக்கிறார்கள்' என்பதே போதும். 'வண்டிகளை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருக்கிறார்கள்' என்பது அப்படியல்ல. அங்கே 'விடு' தலைவினை, அனுமதித்தல் என்று பொருள். மழைக்கும் இதே கதைதான். 'மழை விட்டுவிட்டது' என்பதில் முதல் 'விடு' தலைவினை, இரண்டாவது துணைவினை. 'மழை விட்டு விட்டுப் பெய்கிறது' என்பதில் இரண்டுமே தலைவினை. நடுவில் ஓர் இடைவெளி விட்டால் குடை வேண்டும், சேர்த்து எழுதினால் வேண்டாம். துணைவினையைத் தலைவினையோடு சேர்த்தே எழுத வேண்டும் என்று பழைய ஆசிரியர்கள் பிடிவாதம் பிடித்ததில் நியாயம் இருக்கிறது.

படு என்பதை இரண்டு முறை போடுவது

அறிவிப்புகளில் இன்னொரு அடுக்கல் உண்டு. 'தடுப்புச்சுவர் கட்டும் பணி மேற்கொள்ளப்பட்டு வரப்படுகிறது.' செயப்பாட்டுவினையின் 'படு' சங்கிலியின் தொடக்கத்தில், தலைவினையை ஒட்டி, ஒரே ஒரு முறை வரும். 'மேற்கொள்ளப்பட்டு' என்பதிலேயே அது வந்தாயிற்று. அதற்குப் பின்னால் வரும் 'வருகிறது' காலப்பரப்பைக் காட்டும் துணைவினை. அதை யாரும் செய்வதும் இல்லை, அது யாராலும் செய்யப்படுவதும் இல்லை. 'மேற்கொள்ளப்பட்டு வருகிறது' என்பதோடு நிறுத்த வேண்டும். 'தடுப்புச்சுவர் கட்டி வருகிறார்கள்' என்றால் பாதி எழுத்து மிச்சம். 'கூட்டம் நடைபெறப்பட்டது' என்பதும் இந்தக் குடும்பம்தான். நடைபெறுதலுக்குச் செயப்படுபொருள் கிடையாது, எனவே 'படு' ஏற இடமே இல்லை.

'ஆயிற்று' என்பதன் மேல் 'படு' வைப்பதும் அப்படியே. 'பாதை திறந்தாயிற்று' என்றாலே யார் திறந்தார்கள் என்பது மறைந்துவிடுகிறது. செய்தவரைச் சொல்லாமல் முடிவை மட்டும் சொல்வதற்காகவே இருக்கும் துணைவினை அது. 'பாதை திறக்கப்பட்டாயிற்று' என்றால் செய்தவரை இரண்டு முறை மறைத்த மாதிரி. 'திறந்து முடிக்கப்பட்டுவிட்டாயிற்று' என்று முடி, படு, விடு, ஆயிற்று எல்லாவற்றையும் ஏற்றினால், பாதை உண்மையிலேயே திறந்திருக்கிறதா என்ற சந்தேகம்தான் வரும்.

ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருப்பவர்

கடைசியாக, எந்தச் சோதனைக்கும் முழுதாக அடங்காத ஒன்று. 'குழந்தை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருக்கிறது.' குழந்தை இப்போது கையை நுழைத்துக்கொண்டு நிற்கிறதா, அல்லது காலையிலிருந்தே ஸ்வெட்டரோடுதான் இருக்கிறதா? இரண்டும் பொருந்தும். காரணம், இங்கே 'கொண்டிரு' என்பது இரண்டு விதமாகப் பிரியும். போட்டுக்கொள் என்று தனக்குத்தானே செய்வதைக் காட்டும் 'கொள்' ஒன்று. அதன்மேல் விளைவு நிற்பதைக் காட்டும் 'இரு' ஏறினால், போட்டுக்கொண்டு இருக்கிறது, அதாவது அணிந்திருக்கிறது. 'போட்டு' என்பதன்மேல் தொடர்ச்சியைக் காட்டும் 'கொண்டிரு' முழுதாக ஏறினால், போடுகிற வேலை நடக்கிறது. கணக்குப்படி, தனக்குத்தானே செய்வது நடந்துகொண்டிருக்கிறது என்று காட்ட 'போட்டுக்கொண்டுகொண்டிருக்கிறது' என்று வந்திருக்க வேண்டும். தமிழ் அதை ஏற்பதில்லை. இரண்டு 'கொண்டு' பக்கத்தில் வந்தால் ஒன்று மறைந்துவிடுகிறது, இன்னொன்று இரண்டு வேலையும் பார்க்கிறது.

உடையில் மட்டுமல்ல, இது 'கொள்' சேரும் வினைகளில் எல்லாம் வரும். 'ஓட்டுநர் மாற்றுப்பாதையைத் தெரிந்துகொண்டிருக்கிறார்' என்றால் ஏற்கெனவே தெரிந்துகொண்டார் என்றே பெரும்பாலும் படிப்போம். 'பயிற்சியில் கியர் மாற்றக் கற்றுக்கொண்டிருக்கிறார்' என்றால் இன்னும் கற்கிறார் என்று படிப்போம். 'தெரி' நொடியில் முடிவது, 'கல்' நாள் எடுப்பது. வினையின் தன்மை பொருளை ஒரு பக்கம் சாய்க்கிறது, அவ்வளவுதான். அது சாயாத இடத்தில் எழுதுபவர் கை கொடுக்க வேண்டும். அணிந்திருப்பதைச் சொல்ல 'ஸ்வெட்டர் போட்டிருக்கிறது' என்று 'கொள்' என்பதை எடுத்துவிடலாம். அணிவதைச் சொல்ல 'இப்போதுதான்', 'இன்னும்' என்று ஒரு சொல்லை முன்னால் வைக்கலாம். விபத்துச் செய்தியில் 'ஓட்டுநர் சீட் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார்' என்று எழுதினால், இடித்தபோது பெல்ட் உடம்பில் இருந்ததா, கையில் இருந்ததா என்ற கேள்விக்கு வாக்கியத்தில் பதில் இல்லை. 'மாட்டியிருந்தார்' என்று எழுதினால் இருந்தது. 'மாட்டும் நேரத்தில் வண்டி இடித்தது' என்று எழுதினால் இல்லை.